யார் கதைக்கிறார் என்று பெயர் போடாமலே தெரியவைப்பது எப்படி?

நாலு பேர் கூடி நின்று கதைக்கிற ஒரு காட்சியை எழுதினால், புதிதாக எழுத வருகிறவர் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் "என்றார் பெரியப்பா", "என்றாள் மாமி" என்று போட்டுக்கொண்டே போவார். எடுத்துவிட்டால் யாருடைய வாய் என்று அவருக்கே தெரியாது. சரி, ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்துப் பிரித்துவிடலாம் என்று அடுத்ததாக யோசிப்பார், ஒருவர் எப்பவும் "கண்டியளோ" என்பார், இன்னொருவர் எப்பவும் "விசர்க்கதை" என்பார். மூன்றாம் வரியிலேயே வாசகருக்கு அலுத்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கைக்குள் இருக்கிற நாலு பேரை எழுதும்போது இது இன்னும் சிக்கல், ஏனென்றால் உந்த, பேந்து, கெதியா, ஓம் எல்லாம் நாலு பேர் வாயிலும் ஒரே மாதிரித்தான் வரும். சொல்லை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. மிஞ்சுவது கதைக்கிற ஓட்டம், அதாவது எங்கே தொடங்குகிறார், எவ்வளவு தூரம் போகிறார், எங்கே நிற்கிறார் என்பது.

ஒரு காட்சியை எடுத்துச் செய்து பார்ப்போம். நாலு வீட்டுக்குப் பொதுவான ஒரு பங்குக் கிணறு. தண்ணீர் இறைக்கிற மோட்டர் மறுபடி நின்றுவிட்டது. கிணற்றடியில் நிற்பவர்கள்: ஓர் ஆச்சி, கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த அவருடைய மூத்த மகன், பக்கத்து வளவு மாமி, மோட்டர் வேலை பழகுகிற பேரன்.

முதலில் மொட்டையாக எழுதுங்கள்

யார் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள், எப்படிச் சொல்வார்கள் என்று யோசிக்க வேண்டாம்.

"மோட்டர் திரும்பவும் நிண்டிட்டுது."
"போன மாசம் தானே திருத்தினது."
"கொயில் சுத்தித்தான் பூட்டினது. தண்ணி இல்லாமல் ஓடி எரிஞ்சிட்டுது."
"இந்த முறை ஆர் காசு குடுக்கிறது?"
"நாலு பங்குக்காரரும் குடுக்க வேணும்."

பேச்சுத் தமிழ் சரி, விசயமும் சரி. ஆனால் இந்த ஐந்து வரியையும் எப்படி மாற்றி மாற்றி யாருக்குக் கொடுத்தாலும் பொருந்தும். இந்தப் பிரதியை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிவரும்.

ஆளுக்கு மூன்று கேள்வி

ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்றே மூன்று விசயத்தைத் தீர்மானியுங்கள். ஒரே மூச்சில் எவ்வளவு கதைப்பார்? வினைச்சொல்லை எங்கே வைப்பார்? மற்றவர் கேட்ட கேள்வியை என்ன செய்வார்?

இரண்டாவதுதான் தமிழில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. எழுதும்போது வினை கடைசியில் வரும், வாயில் அப்படி இல்லை. "நிண்டிட்டுது, உந்த மோட்டர்" என்று முடிவை முதலில் போட்டுவிட்டுப் பொருளைப் பின்னால் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "உந்த மோட்டர் நிண்டிட்டுது" என்று ஒழுங்காகச் சொல்லி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "மோட்டர் ஓடி, சூடாகி, பேந்து தண்ணி கீழை போய்" என்று எச்சத்தின் மேல் எச்சம் அடுக்கி, முற்றுவினைக்கு வந்தே சேராதவர்களும் இருக்கிறார்கள். சொற்கள் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள்.

நம் நாலு பேருக்கும் இப்படி வைத்துக்கொள்வோம். ஆச்சி இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துவார், வினை முன்னால் வரும். (வயது போனவர் என்றால் நீட்டி முழக்கித்தான் கதைப்பார் என்று எழுதுவது எனக்கு அலுத்துப்போன ஒன்று, கன ஆச்சிமார் தந்தி அடிக்கிற மாதிரித்தான் கதைப்பார்கள்.) கிளாக்கர் முழு வாக்கியமாகச் சொல்வார், வினை கடைசியில், மற்றவர் சொன்ன சொல்லை எடுத்துத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் கதைக்கு வருவார். மாமி கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வார், அதுவும் இரண்டு மூன்றாகச் சேர்த்து. பெடியன் தொடங்குவான், இடையில் தன்னையே திருத்துவான், எச்சத்தில் தொங்கவிட்டு நிற்பான்.

இனித் திரும்ப எழுதுங்கள்

"நிண்டிட்டுது, உந்த மோட்டர்."

"திரும்பவுமோ? போன மாசம் திருத்தினதெல்லே? ஆர் திருத்தினது?"

"நான் தான், இல்லை, கழட்டினது நான், கொயில் சுத்தினது கடையிலை, பேந்து கொண்டந்து பூட்டி, அண்டைக்கு நல்லா ஓடினது தானே, தண்ணி கீழை போனாப் பிறகும் நிப்பாட்டாமல் விட்டு, சூடாகி…"

"ஆர் திருத்தினது எண்டது இப்ப கதையில்லை. ஆர் காசு குடுக்கிறது எண்டதைத்தான் இப்ப கதைக்க வேணும்."

"ஏன் அண்ணை, நாங்கள் மட்டுமோ இறைக்கிறம்?"

"நீர் மட்டும் இறைக்கிறீர் எண்டு நான் சொல்லேல்லை. நாலு பங்கெண்டால் நாலு பேரும் குடுக்க வேணும் எண்டுதான் சொல்லுறன்."

"நாலு பங்கெண்டாலும் பெரியப்பா, அந்தக் கடைசி வீடு, அவையள் கனடாவிலை இருந்துகொண்டு, இஞ்சை வீட்டைப் பூட்டிப்போட்டு, அவையளிட்டைப் போய் என்னெண்டு…"

"தருவினம், கேட்டால்."

"ஆர் கேக்கிறது? நானோ?"

"கேள் மோனை."

"கேக்கிறதெண்டால் நான் கேக்கிறன். ஆனால் கணக்கை எழுதி வைச்சுக்கொண்டுதான் கேப்பன்."

ஒரு பெயர்கூடக் கதைக்கிறவரைக் காட்டப் போடவில்லை. "அண்ணை", "பெரியப்பா", "நீர்" எல்லாம் வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கவனித்துப் பாருங்கள், அவை கேட்கிறவரைத்தான் காட்டுகின்றன. நம் ஊரில் வா, வாரும், வாங்கோ என்று மூன்று படி இருப்பதால், பழகிய, தன்னைவிட இளைய அயல் பெண்ணைக் கிளாக்கர் "நீர்" என்னும்போது யாருக்குச் சொல்கிறார் என்பது தானாகப் புரிகிறது. சொல்கிறவர் யார் என்பதை ஓட்டம் காட்ட வேண்டும், யாருக்கு என்பதை முறைப்பெயரும் வினை விகுதியும் காட்டும். இரண்டையும் குழப்பி, வரிக்கு வரி "பெரியப்பா… பெரியப்பா" என்று போட்டால் அது பெயர் போடுவதைப் போலத்தான், வேறு வழியால் உள்ளே வந்துவிடும். மேலே பதினொரு வரியில் "பெரியப்பா" ஒருமுறை, "அண்ணை" ஒருமுறை. அது போதும்.

"கேள் மோனை" என்ற வரியைத் தனியாகப் பாருங்கள். ஆச்சிக்கு மகனும் மோனைதான், பேரனும் மோனைதான், அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாரைக் கேட்கச் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வரி "கேக்கிறதெண்டால்" என்று அவருடைய சொல்லையே எடுத்துத் தொடங்குகிறது. அப்படித் தொடங்கி முழு வாக்கியமாக முடிக்கிறவர் ஒருவர்தான். பதிலின் ஓட்டம் முன் வரியின் மயக்கத்தையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறது. ஒற்றைச் சொல் வரிகளை எல்லாம் இப்படித்தான் காப்பாற்ற வேண்டும். "ஓம்", "சரி" போன்றவற்றுக்கென்று தனி ஓட்டம் கிடையாது, முன்னும் பின்னும் உறுதியான வரிகள் இருந்தால்தான் அவை நிற்கும். இரண்டு ஒற்றைச் சொல் வரிகள் அடுத்தடுத்து வந்தால் வாசகர் யாருடைய முறை என்று வரிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்.

நிறுத்தக்குறி விசயத்தில் ஒரு எச்சரிக்கை. மூன்று புள்ளியைப் பெடியனுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் மற்றவர் குறுக்கே விழுகிற இடத்தில்தான். நாலு பேருக்கும் புள்ளி வைத்தால் எல்லாரும் இழுத்து இழுத்துக் கதைக்கிற மாதிரி ஆகிவிடும். அவன் தடுமாறுவதைக் காற்புள்ளியும் எச்சமுமே காட்டிவிடும்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

வரிகளை மட்டும் ஒரு தாளில் ஒழுங்கு மாற்றி எழுதி, கதையை வாசிக்காத ஒருவரிடம் ஆட்களின் விவரத்தைச் சொல்லிப் பிரிக்கக் கொடுங்கள். எந்த வரியைப் பிழையாகக் கொடுக்கிறாரோ அதைத்தான் திருத்த வேண்டும், முழுக் காட்சியையும் கிண்டத் தேவையில்லை. ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே ஒருவருடைய வரியை மற்றவர் வாயில் வைத்துப் பாருங்கள். மாமியின் "திரும்பவுமோ? திருத்தினதெல்லே? ஆர்?" என்பதைக் கிளாக்கருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் முழுதாக உடைத்து, "போன மாசம் திருத்தின மோட்டர் எப்படித் திரும்ப நிண்டது?" என்று கட்ட வேண்டும். அப்படி உடைக்க வேண்டிவந்தால் வரி பிடிப்பாக இருக்கிறது. ஒரு எழுத்தும் மாற்றாமல் பொருந்தினால் அது இன்னும் மொட்டைப் பிரதியில்தான் நிற்கிறது.

வாய்விட்டு வாசிப்பதும் வேண்டும். பெடியனுடைய வரியில் உங்களுக்கு மூச்சு முட்ட வேண்டும், ஆச்சியுடையதில் மூச்சு மிஞ்ச வேண்டும். நாலு பேரையும் ஒரே வேகத்தில் வாசித்துப்போக முடிந்தால், கண்ணுக்கு வித்தியாசமாக இருக்கிறது, காதுக்கு இல்லை என்று அர்த்தம்.

குலைக்கிற இடம்

இவ்வளவும் செய்த பிறகு ஓட்டத்தை ஓர் இடத்தில் வேண்டுமென்றே முறிக்கலாம். அடுத்த நாள் காலை, கிளாக்கர் கனடாவுக்குக் கதைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வருகிறார்.

"என்னவாம் அண்ணை? தருவினமாமோ?"

"வித்திட்டினம்."

எப்பவும் கேள்வியைத் திருப்பிச் சொல்லி முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறவர் ஒரே சொல்லில் நிற்கிறார். "அவர் அதிர்ந்துபோயிருந்தார்" என்று இனி எழுதத் தேவையில்லை. ஆனால் இது பலிக்க, அதற்கு முன் அவருடைய வழக்கமான ஓட்டம் மூன்று நாலு தரமாவது வாசகர் காதில் விழுந்திருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே முறித்தால் அவர் இயல்பே அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். முறித்த வரிக்குப் பக்கத்தில் ஆச்சியை வைக்கவும் கூடாது, ஒற்றைச் சொல் அவருடையது என்பதால் வாசகர் தவறிப்போவார். மேலே மாமியை அங்கே நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

ஐந்தாவது ஆறாவது ஆள் வந்தால் புது ஓட்டம் தேடி அலைய வேண்டாம். ஒரு காட்சிக்குள் நாலு ஓட்டத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. வீட்டை வாங்கியவர் வந்து நிற்கிறார் என்றால், அவர் கிணற்றை எட்டிப் பார்க்கட்டும், மோட்டரைக் காலால் தட்டட்டும், கதையை மற்ற நாலு பேரும் கதைக்கட்டும். அவருக்கு வாய் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பெடியனை அந்த நேரம் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.