சிஆர்எஃப்: எந்த எண்ணை வைப்பது?

வீடியோவைச் சுருக்கும்போது பிட்ரேட்டை நாமே குறித்தால், அசையாத காட்சிக்கு அது வீண். வேகமான காட்சிக்குப் போதாது. சிஆர்எஃப் முறையில் தர அளவை மட்டும் சொல்கிறோம், மீதியை என்கோடர் பார்த்துக்கொள்ளும். x264 என்கோடரில் இயல்பான எண் 23, எண் குறையக் குறையத் தரம் கூடும். இதில் 6 குறைத்தால் கோப்பின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். இருட்டும் அசைவும் உள்ள ஒரு நிமிடம் போதும்:

```
ffmpeg -ss 00:10:00 -t 60 -i in.mp4 -c:v libx264 -crf 23 -c:a copy test.mp4
```

நிழலிலோ வானத்திலோ கட்டம் கட்டமாகத் தெரிந்தால் இரண்டிரண்டாகக் குறையுங்கள். தெரியாவிட்டால் கூட்டிப் பாருங்கள். குறை கண்ணில் படுவதற்கு முந்தைய எண்ணே சரி. x265-க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே இயல்பு 28. அப்புறம், கோப்பு இத்தனை எம்பிக்குள் இருந்தே ஆகவேண்டும் என்றால் சிஆர்எஃப் உதவாது, வீடியோவை இருமுறை ஓட்டிப் பிட்ரேட்டைப் பங்கிடும் டூ-பாஸ்தான் வழி.