முதல் ஓப்பன் மைக்: ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கவிதையை வாசித்து முடிப்பது எப்படி

சென்னையில் ஒரு தேநீரகத்தின் மாடியில் நடந்த ஓப்பன் மைக்கில் நான் முதன்முறையாக வாசித்தபோது, கவிதையில் பன்னிரண்டு வரிகள் மீதமிருக்கையிலேயே தொகுப்பாளர் கையை உயர்த்திவிட்டார். எனக்குத் தரப்பட்டது 5 நிமிடம். அதே கவிதை வீட்டில் நான்கரை நிமிடத்தில் முடிந்திருந்தது. கணக்கு எங்கே தவறியது என்று கண்டறிந்த பிறகே அடுத்த முறை பெயர் கொடுத்தேன்.

முதலில் கவிதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளைப் பார்க்காத ஒரு நண்பரிடம் ஒரே ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லையென்றால் அது கண்ணுக்கான கவிதை, வேறொன்றை எடுங்கள். குறிப்பாக, எழுத்து வேறுபாட்டை நம்பியிருக்கும் சொல்விளையாட்டைத் தவிருங்கள். ‘மனம்’, ‘மணம்’ என்ற இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நான் எழுதிய ஒரு முடிவு, அச்சில் பலருக்குப் பிடித்திருந்தும், கேட்டவர்களுக்கு ஒரே சொல்லை இருமுறை சொன்னதாகவே பட்டது. தலைப்பையும் வரி அமைப்பையும் வைத்தே பொருள் தரும் மிகச் சிறிய கவிதைகளுக்கும் இதே நிலைதான்.

அடுத்தது நேரம். நான் இடறியது இங்கேதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வாடகை வீட்டைக் காலி செய்வது பற்றிய என் கவிதையில் 46 வரிகள் இருந்தன. வாசிக்க 270 நொடிகள், அதாவது வரிக்கு ஏறக்குறைய 6 நொடிகள். மேடையிலோ மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய 20 நொடிகளும், வணக்கத்துக்கும் கவிதை பிறந்த கதைக்கும் 50 நொடிகளும் போயின. இவற்றுக்கு மேல், கவியரங்கங்களைக் கேட்டு வளர்ந்த பழக்கத்தில் சில அடிகளை என்னையறியாமல் இருமுறை சொன்னதில் இன்னொரு 30 நொடிகள் கரைந்தன. எல்லாம் சேர்ந்தால் 6 நிமிடம் 10 நொடிகள்.

ஆகவே ஸ்டாப்வாட்சைக் கவிதையின் முதல் வரியில் தொடங்காதீர்கள். நாற்காலியிலிருந்து எழும்போது தொடங்கி, நின்றபடி, முழுக் குரலில், அறிமுகத்தோடு மூன்று முறை வாசித்து, மூன்றில் நீண்டதையே கணக்கில் கொள்ளுங்கள். அது 4 நிமிடத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாமல் வரிகளைக் குறையுங்கள். நான் வீடு தேடிய பகுதியை முழுவதும் நீக்கி, 34 வரிகளாக்கி,

சுவரில் ஆணி இருந்த இடங்களை
சுண்ணாம்பு வைத்து அடைத்தோம்

என்ற இடத்திலேயே தொடங்கினேன். வாசிப்பு 200 நொடிகளாகக் குறைந்தது. அறிமுகத்தையும் ஒரே வாக்கியமாக்கியபோது எல்லாம் 4 நிமிடத்தில் அடங்கியது. அடியைத் திருப்பிச் சொல்ல விரும்பினால் எந்த அடி என்பதை முன்பே குறித்து, அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கவிதையைத் தாளில் அச்சிட்டுக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்: 16 புள்ளி எழுத்து, தாராளமான வரி இடைவெளி, ஒரு பக்கம் மட்டும். மெல்லிய தாள் கைநடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதைக் கண்டு நடுக்கம் இன்னும் கூடும். ஒரு கெட்டி அட்டையில் தாளைப் பொருத்திக்கொண்டால் இது நின்றுவிடும்.

(பின்னர் சேர்த்தது: கைப்பேசியில் வாசித்தபோது பாதியில் திரை அணைந்துவிட்டதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். கைப்பேசிதான் வேண்டுமென்றால், திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக மாற்றி, விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள்.)

பதற்றத்தைப் பொறுத்தவரை, குரல் நடுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடுவதுதான். உங்களுக்கு முன்னால் இருப்பவர் வாசிக்கும்போது, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றே தணியும். ஐந்தாறு முறை செய்தால் போதும். படபடப்பு முழுவதும் மறையாது, ஆனால் முதல் வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சு கிடைத்துவிடும். முதல் நான்கு வரிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கண் தாளில் வரியைத் தேடும் அந்தத் தொடக்கத்தில்தான் நாக்கு குழறுகிறது.

மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொண்டால், ‘ப’வில் தொடங்கும் சொற்கள் ஒலிபெருக்கியில் வெடிக்காது. கடைசி வரி முடிந்ததும் மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டு ‘நன்றி’ சொல்லுங்கள். உடனே சொன்னால் அதுவும் கவிதையின் ஒரு வரியாகவே கேட்கிறது.