வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் பிரஷர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

"பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, வெற்றிலை மட்டும்தான்." பிரஷர் பார்க்கும்போது இப்படிச் சொல்லிவிட்டு, அந்த வெற்றிலையோடு புகையிலையும் சேர்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு. புகை இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் இருக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையால் அது கன்னத்தின் உட்தோல் வழியாக எளிதாக ரத்தத்தில் கலக்கிறது. காட்டம் போதவில்லை என்று சுண்ணாம்பைக் கூட்டினால் வாய் வெந்துபோகும், நிக்கோட்டினும் கூடுதலாக ஏறும். ரத்தக்குழாய் சுருங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், பிரஷர் உயரும். சிகரெட்டில் நிக்கோட்டின் சட்டென்று ஏறி, அணைத்ததும் இறங்கத் தொடங்கிவிடும். கன்னத்தில் அடக்கிய புகையிலையிலிருந்து அது மெதுவாக ஊறிக்கொண்டே இருப்பதால், துப்பிய பிறகும் ரத்தத்தில் வெகுநேரம் தங்குகிறது.

ஆகவே வாயில் புகையிலையோடு கையை நீட்டினால் கருவி காட்டும் எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும்போது இது அடிக்கடி நடக்கக்கூடியது. வந்தவரைக் காக்கவைக்கக் கூடாதென்று அவசரமாகத் துப்பிவிட்டு உட்காருவார்கள். குறைந்தது அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சரியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, முதல் வெற்றிலைக்கும் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை பார்த்து இரண்டின் சராசரியை எழுதிவைக்க வேண்டும். 7 நாள் இப்படிப் பாருங்கள். அதில் 2 நாள் மட்டும், வழக்கமாகப் போடும் வெற்றிலைக்குப் பின் அரை மணிக்குள் இன்னொரு முறை பார்த்துத் தனியாகக் குறியுங்கள். ஓர் உதாரணம்: காலையில் 138/86, போட்ட பின் 152/94 என்று வைத்துக்கொள்வோம். காலை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் தவறுதான். ஒரு நாளைக்கு 8 முறை போடுகிறவருடைய ரத்தக்குழாய்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில்தான் கழிக்கின்றன. மருந்தின் அளவை முடிவு செய்ய டாக்டருக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

"புகையிலையை விட்டாச்சு, சீவல் மட்டும்தான்" என்பதும் பலர் சொல்லும் சமாதானம். பாக்கிலுள்ள அரிக்கோலினும் நரம்புகளைத் தூண்டி இதயத் துடிப்பைக் கூட்டும் பொருள்தான். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. போதாக்குறைக்கு, வெற்றிலைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை புகையிலை திரும்பி வர அதிக நாள் ஆகாது.

நிறுத்திய முதல் 3 நாள்தான் கடுமையானது. எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் வரும். 2 முதல் 4 வாரத்தில் படிப்படியாகத் தணியும். பாக்குப் பழக்கம் நின்றதும் சிலருக்கு மலச்சிக்கல் வரும். அதற்கு வாழைப்பழம், கீரை, தண்ணீர் போதும். "வெற்றிலை போட்டால்தான் வயிறு சரியாகும்" என்று திரும்பிப்போக வேண்டாம். வாய் சும்மா இருக்கிறதே என்று உப்பு நெல்லிக்காய், மோர் மிளகாய், ஊறுகாய் எனப் போட ஆரம்பித்தால் நிக்கோட்டின் விட்ட இடத்தை உப்பு பிடித்துக்கொள்ளும், பிரஷர் இறங்காது. சோம்பு, ஏலக்காய், கிராம்பு போதும்.

டாக்டர் நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தால், அதை வெற்றிலை மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. சுறுசுறுவென்று காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் வரும்.

ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிய ஏற்றம், நிறுத்தியதும் நின்றுவிடும். ஆனால் வயதாலும் உப்பாலும் பரம்பரையாலும் வந்த பிரஷர் அப்படியே இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்காமல் "பழக்கத்தை விட்டேன், இனி மாத்திரை எதற்கு" என்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. விட்டு 2 முதல் 4 வாரத்துக்குள் அதே காலை முறையில் 7 நாள் பார்த்து, நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். குறைப்பதா, தொடர்வதா என்று அவர் சொல்வார். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். 180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கைகால் பலவீனம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.