+1 என்று பார்த்ததும் நியூயார்க் நேரம் போடாதீர்கள்

திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்கள் பலவற்றில் பையர்களின் போன் எண்களை ஓர் எக்செல் ஷீட்டில் வைத்திருப்பார்கள். எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் அந்த ஊர் மணி தானாக வரும்படி ஃபார்முலா போட்டிருக்கும். +44 என்றால் லண்டன், +49 என்றால் ஜெர்மனி, +1 என்றால் நியூயார்க். முதல் இரண்டும் பிசகாமல் வருவதால் மூன்றாவதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நமக்கும் குஜராத் முதல் அருணாசலப் பிரதேசம் வரை +91 என்றால் ஒரே மணிதான். அந்தப் பழக்கத்தில், எல்லா நாட்டுக்கும் கோடு ஒன்று என்றால் மணியும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம்.

+1 என்பது ஒரு நாட்டின் கோடே இல்லை. அமெரிக்கா, கனடா, ஜமைக்கா, பஹாமாஸ், டொமினிகன் குடியரசு எனப் பல நாடுகள் சேர்ந்து பங்குபோட்டுக்கொண்ட கோடு அது. ஜனவரியில் ஒரு நாள் நம் மணி மாலை 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நியூயார்க்கில் காலை 8.30. சிகாகோவில் 7.30. லாஸ் ஏஞ்சலிஸில் 5.30. ஹவாயில் விடியற்காலை 3.30. கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தில் காலை 10. ஆறரை மணி நேர வித்தியாசம், எல்லாம் ஒரே +1-க்குள்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்யும் தவறுதான் ஆபத்தானது. நாட்டுக் கோடு போதாது என்று, அதற்குப் பின்னால் வரும் மூன்று இலக்க ஏரியா கோடைப் பார்க்கிறார்கள். 212 என்றால் நியூயார்க்கின் மன்ஹாட்டன். லேண்ட்லைன் காலத்தில் அது சரி. ஆனால் அமெரிக்காவில் மொபைலுக்கென்று தனி எண் வரிசை கிடையாது. நம் ஊரில் 0422 என்று தொடங்கினால் கோயம்புத்தூர் லேண்ட்லைன், பத்து இலக்கத்தில் 9-இல் தொடங்கினால் மொபைல் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். அங்கே மொபைலும் ஏரியா கோடோடுதான் வருகிறது. ஊர் மாறினாலும் போன் கம்பெனி மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். TN 33 என்ற நம்பர் பிளேட்டைப் பார்த்து வண்டி இப்போது ஈரோட்டில்தான் நிற்கிறது என்று சொல்ல முடியுமா? ஏரியா கோடும் அப்படித்தான். அந்த எண்ணை எந்த ஊர்க் கணக்கில் கொடுத்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பையரின் எண் +1 212 என்று தொடங்குகிறது. அளவு சரிபார்க்க அனுப்பிய ஃபிட் சாம்பிள் போய்ச் சேர்ந்துவிட்டது, கமெண்ட்ஸ் வந்தால்தான் கட்டிங் ஆரம்பிக்கலாம். ஜனவரி மாத மாலை, ஷீட்டில் காலை 8.30 என்று காட்டுகிறது. "அங்க ஆபீஸ் தொறந்திருப்பாங்கண்ணா, இப்பவே பேசிடறேனுங்க" என்று மெர்ச்சண்டைசர் 7 மணிக்கு அழைக்கிறார். பையரான அந்த அம்மா நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய எண் அது; இப்போது இருப்பது லாஸ் ஏஞ்சலிஸில். அவருக்கு மணி 5.30. போன் எடுக்கவில்லை. 7.30-க்கு மறுபடியும் அழைக்கிறார், அப்போதும் இல்லை. அவர் மேசைக்கு வரும் 9 மணி என்பது நமக்கு இரவு 10.30. அதற்குள் மெர்ச்சண்டைசர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கட்டிங் ஒரு நாள் தள்ளிப்போகும். "அவங்க போனே எடுக்கறதில்லைங்க" என்று பையர் மேல் பழி விழும். ஷீட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. குறிப்பிட்ட ஒருவர் நம் அழைப்பை எப்போதும் எடுப்பதில்லை, ஆனால் அவருடைய மெயில்கள் தினமும் நம் நள்ளிரவை ஒட்டித்தான் வருகின்றன என்றால், அவர் மணி நீங்கள் நினைக்கும் மணி இல்லை.

மென்பொருள் எழுதுபவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். எண்ணைக் கொடுத்தால் நேர மண்டலம் சொல்லும் நூலகம் இருக்கிறது:

```python
import phonenumbers
from phonenumbers import timezone
n = phonenumbers.parse(phone)
print(timezone.time_zones_for_number(n))
```

ஊரோடு ஒட்டாத எண்ணைக் கொடுத்தால் இது ஒரு பட்டியலைத் திருப்பித் தரும். அமெரிக்காவின் கட்டணமில்லா 800 எண் அப்படி. ஆஸ்திரேலிய மொபைல் எண்ணும் அப்படித்தான். அங்கே எல்லா மொபைலும் +61 4 என்றே தொடங்கும், பெர்த்தா சிட்னியா என்று எண்ணில் தெரியாது. பட்டியலின் முதல் பெயரை `[0]` போட்டு எடுத்துக்கொள்வது பார்த்த உடனே தெரியும் தவறு. 212 எண்ணைக் கொடுக்கும்போது நடப்பது வேறு. `America/New_York` என்று ஒரே பதில் வரும். ஒரே பதில் என்பதால் உறுதியான பதில் என்று தோன்றும். அமெரிக்க எண்ணில் மொபைல் எது, லேண்ட்லைன் எது என்று அந்த நூலகத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏரியா கோடுக்கு உரிய ஊரை மட்டும் சொல்கிறது. லேண்ட்லைனே ஆனாலும் சில கோடுகள் இரண்டு மண்டலங்களில் கால் வைத்திருக்கும். ஃப்ளோரிடாவின் 850-இல் டல்லஹாசியும் வரும், பென்சகோலாவும் வரும். இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம்.

ஆகவே ஊரைக் கேட்டுவிடுவதே நல்லது. பையர் விவரம் வாங்கும் படிவத்தில் "எந்த ஊரில் இருந்து வேலை செய்கிறீர்கள்" என்று ஒரு கட்டம் போதும். கம்பெனியின் தலைமை அலுவலக முகவரியை அந்தக் கட்டத்தில் நிரப்பாதீர்கள். அதுவும் 212 மாதிரியே ஏமாற்றும். பதிலை `America/Los_Angeles` என்ற பெயராகச் சேமியுங்கள். "13.30 மணி நேரம் பின்னால்" என்று எண்ணாகச் சேமித்தால் மார்ச்சில் தப்பாகிவிடும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். மார்ச்சில் மாற்றிய நாளிலிருந்து நவம்பர் வரை லாஸ் ஏஞ்சலிஸ் நமக்கு 12.30 மணி நேரம்தான் பின்னால்.

கேட்கச் சங்கடமாக இருந்தால், அவர் அனுப்பிய மெயிலின் முழு ஹெடரைத் திறந்து பாருங்கள். இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Date: Tue, 14 Jul 2026 07:12:09 -0700
```

கடைசியில் உள்ள `-0700` அவர் கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரமான UTC-க்கு 7 மணி நேரம் பின்னால் இருக்கிறது என்று காட்டுகிறது. நியூயார்க்காக இருந்தால் ஜூலையில் `-0400` வரும், ஆக அவர் நியூயார்க்கில் இல்லை என்பது தெளிவு. சில மெயில் சேவைகள் எல்லாருக்கும் `+0000` என்றே எழுதும். அந்த வரியால் பயனில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அரிசோனாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. அதனால் ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸும் ஃபீனிக்ஸும் இரண்டுமே `-0700` காட்டும். டிசம்பர், ஜனவரியில் வந்த பழைய மெயில் ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் `-0800` என்றிருந்தால் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம். அப்போதும் `-0700` என்றால் ஃபீனிக்ஸாக இருக்கலாம், டென்வராகவும் இருக்கலாம், ஏனென்றால் டென்வருக்குக் குளிர்காலத்தில் அதே கணக்குத்தான். கோடை மெயிலில் `-0600` இருந்தால் டென்வர், `-0700` இருந்தால் ஃபீனிக்ஸ். இரண்டு பருவத்து மெயிலும் கையில் இல்லாத புது பையர் என்றால், கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.