நீக்கச் சொல்லி உத்தரவு வந்தும் பதிவு அங்கேயே இருக்கிறதா? தளத்துக்கு அனுப்பும் முறையும், அடுத்து நடப்பதும்

அவதூறு வழக்கில் ஜெயித்து, பதிவை நீக்கும்படி உத்தரவும் வாங்கியாயிற்று. ஆனால் பதிவு அசையவில்லை. இப்படி நேரும்போது கோளாறு பெரும்பாலும் உத்தரவின் வாசகத்திலேயே இருக்கும். தளத்தின் சட்டப் பிரிவு வழக்கின் நியாயத்தை மறுபடி அலசுவதில்லை. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்க்கும்.

1. உத்தரவு யாருக்கு என்று பாருங்கள்

பல உத்தரவுகள் பதிவை எழுதியவருக்கு எதிரானவை. தளம் அந்த வழக்கில் தரப்பே இல்லை. அப்படியானால், கேட்டவுடன் நீக்கும் கடமை தளத்துக்கு உண்டா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர், தன்னைப் பற்றி விமர்சனம் எழுதியவர் மீது வழக்குப் போட்டார். எழுதியவர் ஆஜராகாததால் ஒருதலைத் தீர்ப்பு கிடைத்தது. அதைக் காட்டியும், விமர்சனம் வெளியான யெல்ப் தளம் நீக்க மறுத்தது. அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2018இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் அனுப்பிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. தளங்கள் தங்கள் விதிப்படி பரிசீலித்துத் தாமாகவே நீக்குவதும் உண்டு.

2. ஒவ்வொரு பதிவின் முகவரியையும் உத்தரவில் சேருங்கள்

அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு மருத்துவரின் பட்டம் போலி என்று எக்ஸ் தளத்தில் ஒருவர் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். “மனுதாரரைப் பற்றிய அவதூறுப் பதிவுகள் அனைத்தையும் நீக்க வேண்டும்” என்கிறது உத்தரவு. எது அவதூறு என்று தீர்மானிக்கும் வேலையைத் தளம் தன் தலையில் போட்டுக்கொள்ளாது. குறிப்பிட்ட முகவரிகளைத் தாருங்கள் என்று பதில் வரும். கணக்கின் முகவரி போதாது, பதிவின் முகவரி வேண்டும்:

```
https://x.com/கணக்குப்பெயர்/status/பதிவெண்
```

இதில் கடைசியில் வரும் எண்தான் முக்கியம். எழுதியவர் கணக்கின் பெயரை மாற்றிக்கொண்டாலும் அந்த எண் மாறாது.

அதே பதிவை மேற்கோள் காட்டி இன்னொருவர் எழுதியிருந்தால் அதற்குத் தனி எண் உண்டு. மூலப்பதிவு போனாலும் அவர் எழுதிய வரிகள் நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டாக வேறொருவர் போட்டதும் தனிப் பதிவுதான். ஆகவே வக்கீலிடம் சொல்லி, எல்லா முகவரிகளையும் உத்தரவின் இணைப்பாக ஒரு பட்டியலில் சேர்க்கச் செய்யுங்கள். முன்பே உத்தரவு வந்துவிட்டதென்றால், திருத்தம் கேட்டு அதே நீதிமன்றத்தை அணுகுவதே வழி. அதற்கு முன் ஒவ்வொரு பதிவையும் தேதி, முகவரி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். நீக்கப்பட்ட பிறகு சாட்சிக்குத் தேடினால் கிடைக்காது.

3. சட்டக் கோரிக்கைப் படிவம் வழியாக அனுப்புங்கள்

பதிவின் ஓரத்தில் இருக்கும் சாதாரணப் புகார் பொத்தானை அழுத்தினால் அது வேறு குழுவுக்குப் போய்விடும். அங்கே தள விதிகளை மட்டுமே பார்ப்பார்கள். பெரிய தளங்களில் சட்டக் கோரிக்கைக்கென்று தனிப் படிவம் உண்டு. எல்லாப் பக்கங்களும் உள்ள, நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் தெளிவாகத் தெரியும் சான்றளிக்கப்பட்ட நகலை இணையுங்கள். போலி உத்தரவுகளை அனுப்பியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதால் சரிபார்ப்பு நடக்கும். வழக்கு எண் மங்கலாக இருந்தால் அங்கேயே தேங்கிவிடும். உத்தரவு வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

4. என்ன எதிர்பார்க்கலாம்

பதிவு உலகம் முழுவதும் மறையும் என்று எண்ண வேண்டாம். உத்தரவு பிறந்த நாட்டில் மட்டும் முடக்குவதே தளங்களின் வழக்கம். அந்த நாட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பதிவு இருந்த இடத்தில் முடக்கப்பட்டது என்ற அறிவிப்பு தெரியும். வெளிநாட்டில் இருப்பவர் முழுதாகப் படிக்கலாம். உலகளாவிய நீக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தடையில்லை என்று ஃபேஸ்புக் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் சொன்னது உண்மைதான். ஆனால் கூகுளுக்கு எதிராக 2017இல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உலகளாவிய உத்தரவை அமெரிக்காவில் செயல்படுத்தக் கூடாது என்று அதே ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தடுத்தது. முடக்கம் நடந்ததா என்று பார்க்க, லாக்-இன் செய்யாமல் உள்நாட்டிலிருந்து ஒரு முறையும், வெளிநாட்டில் இருக்கும் நண்பர் மூலம் ஒரு முறையும் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள்.

எழுதியவருக்கும் தகவல் போகும். சட்டம் தடுக்காவிட்டால், இன்ன உத்தரவின்படி நடவடிக்கை எடுத்தோம் என்று தளம் அவருக்குத் தெரிவிப்பது வழக்கம். அவர் மேல்முறையீடு செய்து உத்தரவு ரத்தானால் பதிவு திரும்பவும் வரலாம். கூகுள் போன்ற நிறுவனங்கள் தமக்கு வந்த உத்தரவுகளின் நகலை லூமென் என்ற பொது ஆவணத் தளத்துக்கு அனுப்புவதும் உண்டு. உங்கள் பெயர் அங்கே தெரியக்கூடும். வெளியே தெரியக் கூடாத விவரம் உத்தரவில் இருந்தால், பெயரை மறைத்து உத்தரவிடும்படி நீதிமன்றத்திடமே முன்கூட்டிக் கேளுங்கள்.

பதிவு போன பிறகும் தேடல் முடிவில் பழைய வரிகள் சில காலம் தெரியும். கூகுளின் `Refresh Outdated Content` பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் அவை மறையும். இதற்கு உத்தரவு தேவையில்லை. மூலப் பக்கம் உண்மையிலேயே போயிருந்தால் போதும். ஒரு நாட்டில் மட்டும் முடக்கப்பட்டு, மற்ற இடங்களில் பக்கம் இன்னும் திறக்கிறதென்றால் இந்த வழி பலிக்காமல் போகலாம். அப்போது தேடல் நிறுவனத்துக்கும் தனியாக உத்தரவை அனுப்ப வேண்டும்.