டப்பிங் வசனம்: உதடு மூடும் இடத்தை முதலில் பிடியுங்கள்

கோலாலம்பூரில் மலாய் நாடகங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. வசனம் எழுதும் முன் சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்சியைப் பாருங்கள். உதடு முழுதாக மூடும் இடங்களை மட்டும் குறியுங்கள். மற்ற ஒலிகளில் சிறு பிசகு தெரியாது. ப, ம வரும்போது வாய் திறந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

"சாயா தா மாஹு பூலாங்" என்ற வரியைப் பாருங்கள். ஏழு அசை, நான்காவதிலும் ஆறாவதிலும் உதடு மூடுகிறது. "எனக்கு வீட்டுக்குத் திரும்ப விருப்பமில்லை" என்று எழுதினால் வசனம் நீண்டு, நடிகர் வாயை மூடிய பிறகும் குரல் ஓடும். "வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று பேச்சுத் தமிழில் எழுதிப் பாருங்கள். அதே ஏழு அசை. போ நான்காவதில், மா ஆறாவதில். திரையில் ம, நம் குரலில் ப என்றாலும் பரவாயில்லை, உதட்டில் இரண்டும் ஒன்றுதான்.

எடிட்டிங்கில் முழு வரியையும் இழுக்காதீர்கள், குரல் கெட்டுவிடும். சொற்களுக்கு நடுவே வெட்டி, அந்த மூடலைச் சரியான ஃபிரேமில் வையுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. சந்தேகம் வந்தால் ஒரு ஃபிரேம் தாமதமாகவே விடுங்கள். உதட்டை முந்தும் குரல்தான் சீக்கிரம் உறுத்தும்.