கணவர் மருத்துவமனையில் இருக்கும்போது கம்பெனிக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் பிரித்துப் படித்தவன் நான். விபத்தில் அடிபட்டோ பக்கவாதம் வந்தோ படுத்துவிட்ட தொழிலாளிக்காக மனைவி எழுதியிருப்பார். சில சமயம் தம்பியோ மைத்துனரோ எழுதியிருப்பார். எழுத்துப்பிழையும் கோணல் கையெழுத்தும் அங்கே ஒரு பொருட்டே இல்லை. படுத்திருப்பவரே எழுதியது போல எழுதப்பட்ட கடிதங்கள்தான் பின்னால் குடும்பத்தையே வந்து கடிக்கும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். பாகூரில் குடியிருக்கும் ஒருவர் சிப்காட்டில் ஆபரேட்டர். இரவு பத்து மணி ஷிப்டுக்காகச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து பைக்கில் கிளம்புகிறார். கன்னியக்கோயில் அருகே விபத்து, தலையில் அடி. புதுச்சேரியில் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நினைவில்லை, செயற்கை சுவாசம். வியாழக்கிழமை காலையில் மனைவிக்குத்தான் நினைவு வருகிறது, கம்பெனிக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை என்று. கூட இருக்கும் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.

முதல் யோசனை எப்போதும் இதுதான்: "அவர் எழுதற மாதிரியே லீவ் லெட்டர் எழுதி, நீயே கையெழுத்துப் போட்டுடு." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கடிதத்தில் வியாழக்கிழமை தேதியும் கணவரின் கையெழுத்தும் இருக்கும். மருத்துவமனைப் பதிவேட்டில் அதே நாளில் அவருக்கு நினைவில்லை என்று இருக்கும். இரண்டும் ஒரே கோப்பில் வந்து சேரும். அதன் பிறகு அந்தக் கோப்பில் இருக்கும் உண்மையான தாளையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். காப்பீடு, இழப்பீடு என்று வழக்காகிவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

கைநாட்டு விஷயம் இதைவிட மோசம். நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து மையில் தோய்த்து வைப்பதால் அது அவருடைய ஒப்புதலாகிவிடாது. நினைவு தெளிவாக இருந்து, கை மட்டும் வராமல் போனவரின் கதை வேறு. பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கலாம். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியதாகவும், அவர் புரிந்துகொண்டு ரேகை வைத்ததாகவும் கீழே ஒரு வரி எழுதி, குடும்பத்துக்கு வெளியே உள்ள இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் வார்டு மருத்துவராக இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நம் உதாரணத்தில் அதற்கும் வழியில்லை. ஆகவே மனைவி தன் பெயரில், தன் கையெழுத்தில், "நான் இன்னாருடைய மனைவி" என்று தொடங்கி எழுத வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேலையில் ஏற்பட்ட காயத்தைப் பற்றி அடிபட்டவர் மட்டுமல்லாமல் அவர் சார்பில் இன்னொருவரும் தகவல் தரலாம் என்பதை, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் விதிமுறைகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது, விபத்தைப் பற்றி எழுதும் வரி. என் பார்வையில் மிகப்பெரிய நஷ்டம் இங்கேதான் வருகிறது. "என் கணவர் வெளியே சென்றபோது விபத்து ஏற்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். மனைவிக்கு அதில் தப்பு எதுவும் தெரியாது. ஆனால் இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ அடிபட்டால், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தும் பட்சத்தில், அதுவும் பணிக்காயமாகவே கருதப்படும். 2010-ல் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்தார்கள். பணிக்காயமானால் தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. மருத்துவச் சான்று இருக்கும் வரை தொடரும். சாதாரண நோய்க்கான உதவித்தொகையோ 70 சதவீதம்தான், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். நிரந்தர ஊனம், உயிரிழப்பு என்று போய்விட்டால் இந்த வேறுபாடு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்ற அளவுக்குப் பெரிதாகிவிடும்.

ஆகவே எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார், எந்த ஷிப்டுக்கு, எந்த வழியில், எங்கே அடிபட்டார் என்ற நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "எதிரே வந்த லாரி மோதியது", "ஹெல்மெட் போட்டிருந்தார்" என்று, தான் பார்க்காததை எல்லாம் உறுதியாக எழுதிவிடுவார்கள். ஓட்டியது யார், மோதியது எது என்பதை முதல் தகவல் அறிக்கை வேறுவிதமாகச் சொன்னால் சரியாக இருந்த நான்கு விவரங்களும் சேர்ந்து அடிபடும். கண்ணால் பார்க்காததை "தெரிய வருகிறது" என்று எழுதினால் போதும். வழியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார் என்றால் அதை மறைக்கவும் கூடாது. விசாரணையில் எப்படியும் வெளியே வரும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர் என்றாலும் இந்த விவரங்கள் வேண்டும். கம்பெனி எடுத்திருக்கும் குழுக் காப்பீட்டுக்கும் அதே கேள்விகள்தான் வரும்.

விடுப்பு கேட்கும் இடத்தில் வரும் சறுக்கல் வேறு மாதிரி. "பதினைந்து நாளில் வேலைக்கு வந்துவிடுவார்" என்று தேதி கொடுத்துவிடுவார்கள். பயத்தில் எழுதுவது, வேலை போய்விடுமோ என்ற பயம். பதினாறாம் நாளிலிருந்து அவர் அனுமதியின்றி வராதவர் கணக்கில் போய்விடுவார். பல தொழிற்சாலைகளின் நிலையாணைகள் எனப்படும் பணி விதிகளில், விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலையில் உள்ள உரிமையை இழப்பார் என்றும், பத்து நாளுக்கு மேல் அனுமதியின்றி வராமல் இருப்பது ஒழுங்கீனம் என்றும் இருக்கிறது. நோயில் இருப்பவரை அப்படி எடுத்த எடுப்பில் நீக்கிவிட முடியாது. ஆனால் அதற்காக வாதாடிக்கொண்டிருக்கும் நிலைமையை நாமே ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? எப்போது திரும்புவார் என்பதை இப்போது சொல்ல இயலாது, மருத்துவச் சான்று கிடைக்கக் கிடைக்க அனுப்புகிறேன் என்று எழுதுவதுதான் சரி. இருக்கும் விடுப்பில் எதை முதலில் கழிப்பது என்பதையும் மனைவி தீர்மானிக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. பணம் வர வேண்டிய நாள்களுக்கு ஈட்டிய விடுப்பைத் தீர்த்துவிட்டு, பிறகு வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து எழுதினால் கடிதம் சுமாராக இப்படி இருக்கும்:

"நான் தங்கள் தொழிற்சாலையில் … பிரிவில் பணிபுரியும் திரு. … (பணியாளர் எண் …, இ.எஸ்.ஐ. எண் …) அவர்களின் மனைவி. என் கணவர் செவ்வாய்க்கிழமை இரவு 10 மணி ஷிப்டுக்கு வருவதற்காக இரவு 9 மணியளவில் பாகூரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து தம்முடைய பைக்கில் கிளம்பினார். வரும் வழியில் கன்னியக்கோயில் அருகே விபத்து நேர்ந்ததாகத் தெரிய வருகிறது. அன்றிரவே … மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார். இப்போது நினைவு திரும்பாததால் அவரால் எழுதவோ கையெழுத்திடவோ இயலவில்லை. எனவே இத்தகவலை நான் தெரிவிக்கிறேன். செவ்வாய்க்கிழமை முதல் அவர் பணிக்கு வராததை மருத்துவக் காரணமாகக் கருதி விடுப்பு வழங்கவும், விபத்து குறித்து இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு உரிய அறிக்கை அனுப்பவும் வேண்டுகிறேன். எப்போது பணிக்குத் திரும்புவார் என்பதை இப்போது கூற இயலவில்லை. மருத்துவச் சான்றுகளைக் கிடைத்தவுடன் அனுப்புகிறேன்."

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஸ்கேனில் என்ன வந்தது, டாக்டர் என்ன சொல்லி பயமுறுத்தினார் என்பதெல்லாம் வேண்டாம். "இனி அவரால் வேலை செய்யவே முடியாது போலிருக்கிறது" என்று கண்ணீரோடு எழுதப்பட்ட ஒரு வரியை மருத்துவக் கருத்து போல எடுத்து வைத்துக்கொண்டு நிர்வாகம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். கூட இணைப்பது சேர்க்கைச் சீட்டின் நகலும், கிடைத்திருந்தால் ஏ.ஆர். எனப்படும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலும். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசருக்குப் போனில் சொல்லியாயிற்று, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். சூப்பர்வைசர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறிவிட்டால் யாருக்குச் சொன்னீர்கள் என்று கேட்பார்கள். மேலாளர், பணியாளர் பிரிவு என்று விலாசமிட்டு, இரண்டு படிகள் எழுதி, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். டைம் ஆபீசில் முத்திரை போட மறுத்தால் அன்றே ஒப்புகையோடு, பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு எடுத்தவர் என்றால் ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று.

கடைசியாக, மனைவியால் செய்யவே முடியாத காரியங்கள் சில உண்டு. கணவருக்குப் பதிலாக ராஜினாமா எழுத முடியாது. யாராவது "எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலும் அப்படியே. சம்பளத்தை என் கணக்கில் போடுங்கள் என்று எழுதுவதாலும் பயனில்லை. அது அவர் கணக்கில்தான் போக வேண்டும். அவசரத் தேவைக்கு முன்பணமோ தொழிலாளர் நலநிதி உதவியோ வேண்டுமானால் தனிக் கடிதமாகத் தன் பெயரில் கேட்கலாம். பி.எஃப். பணத்தை எடுக்கவும் மனைவி என்ற உறவு மட்டும் போதாது. பத்திர எழுத்தர் ஒருவர் பவர் எழுதித் தருகிறேன் என்பார். நினைவில்லாதவர் பவர் கொடுக்க முடியாது. ரேகையை வைத்து வாங்கிய பவர் வெறும் காகிதம். நிலைமை மாதக்கணக்கில் நீண்டால் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெறுவதுதான் வழி. கோமாவிலிருந்த கணவரின் சொத்து விஷயத்தில் மனைவியை அப்படி நியமித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. புதுச்சேரியும் அதே நீதிமன்றத்தின் வரம்பில்தான் வருகிறது.

அவருக்கு நினைவு திரும்பி, பேச்சும் தெளிவானால், இன்ன இன்ன தேதிகளில் என் மனைவி எழுதிய கடிதங்களை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் பெயரில் ஒரு கடிதம் தயார் செய்யுங்கள். கையெழுத்தோ, முன்னே சொன்ன முறைப்படி ரேகையோ வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு பணியாளர் பிரிவில் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.